படம் இல்லாத மரம்: நிகழ்தகவுக் கிளைகளை எழுத்தால் வரைதல்

மாணவ நேயர்களே, வானொலியில் படம் காட்ட இயலாது. கரும்பலகையும் இங்கே இல்லை. ஆயினும் கணக்குப் பாடத்தில் வரும் ஒரு படத்தைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றேன். நிகழ்தகவுப் பாடத்தில் மர வரைபடம் என்று ஒன்றை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள் பிரியும். ஒவ்வொரு கோட்டின் முனையிலிருந்தும் மீண்டும் இரண்டு கோடுகள் பிரியும். கோடுகளின் மேல் சிறு சிறு எண்கள் நிற்கும். அந்தப் படம் கைக்கு எட்டாதபோது, அதனை எழுத்தாலேயே மற்றொருவருக்கு அனுப்புவது எப்படி? இதுவே இன்றைய பொருள்.

திருவில்லிபுத்தூரில் ஒரு மாணவியிடம் பாடப்புத்தகம் இருக்கின்றது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இராசபாளையத்திலுள்ள அவளுடைய தோழியிடம் கணக்கு மட்டும் இருக்கின்றது, "படத்தைப் பார்த்து விடை காண்க" என்ற வரியும் இருக்கின்றது, படம் இல்லை. கைபேசியில் எடுத்தனுப்பிய புகைப்படமும் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது திருவில்லிபுத்தூர் மாணவி, படத்தில் கண்ட எண்களை வரிசையாகத் தட்டச்சிட்டு அனுப்புகிறாள்: "0.6, 0.4, 0.02, 0.05." எண்கள் நான்கும் சரியானவையே. ஆனால் மரம் போய்ச் சேரவில்லை. ஏன் என்பதைக் காண்போம்.

முதலில் கணக்கு இன்னதென்று சொல்லிவிடுகின்றேன். இராசபாளையம் நூற்பாலைகளால் பெயர் பெற்ற ஊர், பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லை நிறுவியது 1936-ஆம் ஆண்டில். ஆகையால் நம் கணக்கும் ஓர் ஆலையிலேயே நடக்கட்டும். எண்கள் நான் கணக்கிற்காக அமைத்தவை. எந்த ஆலையின் கணக்கேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. ஓர் ஆலையில் நூலைக் கோனில் சுற்றும் பொறிகள் இரண்டு இருக்கின்றன. கோன்களில் நூற்றுக்கு அறுபதை முதற்பொறி சுற்றுகின்றது. நாற்பதை இரண்டாம் பொறி சுற்றுகின்றது. முதற்பொறி சுற்றியவற்றுள் நூற்றுக்கு இரண்டு பழுது. இரண்டாம் பொறி சுற்றியவற்றுள் நூற்றுக்கு ஐந்து பழுது. குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோனை எடுத்தால் அது பழுதாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? எடுத்த கோன் பழுது என்று தெரிந்தால், அது இரண்டாம் பொறியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

மரத்தின் உறுப்புகளுக்கு நம் மொழியிலேயே நல்ல பெயர்கள் உண்டு. கிளை பிரியும் இடம் கவை. பிரிந்து செல்வது கிளை. மேலும் பிரியாமல் முடியும் இடம் நுனி. நம் மரத்தில் முதற்கவையில் இரண்டு கிளைகள்: முதற்பொறி, இரண்டாம் பொறி. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கவை; அங்கே பழுது, நல்லது என்று இரண்டிரண்டு கிளைகள். ஆக, நுனிகள் நான்கு.

இனி, அந்த மாணவி அனுப்பிய நான்கு எண்களுக்குத் திரும்புவோம். 0.6, 0.4 ஆகிய இரண்டையும் பற்றி ஐயம் எழாது. 0.02 என்பது எதில் இரண்டு? முதற்பொறி சுற்றிய கோன்கள் நூற்றில் இரண்டா? அன்றி, ஆலையின் கோன்கள் அனைத்திலும் நூற்றுக்கு இரண்டு, முதற்பொறியில் சுற்றப்பட்ட பழுதுகளா? புத்தகத்துப் படத்தில் இந்த ஐயம் எழாது. அந்த எண் ஒரு கிளையின் மேல் எழுதப்பட்டிருக்கும். அக்கிளை முதற்பொறி என்னும் கிளையின் முனையிலிருந்து புறப்பட்டிருக்கும். ஆகவே "முதற்பொறி என்று தெரிந்த பின்" என்னும் நிபந்தனையைக் கோடே சொல்லிவிடுகின்றது. கோடு போய்விட்டால் நிபந்தனையும் உடன் போய்விடுகின்றது. எண் மட்டும் தனித்து நிற்கின்றது.

இரண்டு பொருளும் விடையில் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்று பாருங்கள். முதற்பொருளே சரியானது என்று கொண்டால், ஆயிரம் கோன்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுநூறு முதற்பொறியுடையவை, அவற்றில் நூற்றுக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு பழுது. நானூறு இரண்டாம் பொறியுடையவை. அவற்றில் நூற்றுக்கு ஐந்து என்றால் இருபது பழுது. மொத்தம் முப்பத்திரண்டு. பழுது எடுபடும் வாய்ப்பு 0.032. அந்த முப்பத்திரண்டில் இருபது இரண்டாம் பொறியுடையவை. ஆகவே இரண்டாம் வினாவிற்கு விடை 20/32, அதாவது 0.625.

இராசபாளையத்துத் தோழி இரண்டாம் பொருளைக் கொண்டுவிட்டால், ஆயிரம் கோன்களில் முதற்பொறியின் பழுது இருபது, இரண்டாம் பொறியின் பழுது ஐம்பது என்று எண்ணுவாள். மொத்தம் எழுபது. பழுதின் வாய்ப்பு 0.07 ஆகிவிடும், உண்மை விடையைப்போல் இருமடங்கிற்கும் மேல். இரண்டாம் வினாவிற்கு விடை 50/70, ஏறத்தாழ 0.714 என்று வரும். அவள் கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையே செய்யவில்லை. நான்கு எண்களுக்கு இரண்டு மரங்களும் பொருந்துகின்றன. அவள் மற்றொரு மரத்தில் ஏறிவிட்டாள்.

ஆகவே, எழுத்தில் மரத்தை அனுப்புவோர் ஒவ்வொரு கிளைக்கும் மூன்று செய்திகளைச் சொல்லவேண்டும். கிளை எங்கிருந்து புறப்படுகின்றது, எதற்குப் போய்ச் சேருகின்றது, அதன் வாய்ப்பு என்ன என்பவையே அம்மூன்று. கிளைக்கு ஒரு வரி வீதம் எழுதினால் நம் மரம் பின்வருமாறு அமையும்.

```
1   முதற்பொறி : 0.6
1.1 முதற்பொறி என்றால், பழுது : 0.02
1.2 முதற்பொறி என்றால், நல்லது : 0.98
2   இரண்டாம் பொறி : 0.4
2.1 இரண்டாம் பொறி என்றால், பழுது : 0.05
2.2 இரண்டாம் பொறி என்றால், நல்லது : 0.95
```

வரியின் தொடக்கத்திலுள்ள எண்ணைக் கவனியுங்கள். 2.1 என்றால் இரண்டாம் கிளையிலிருந்து பிரிந்த முதற்கிளை என்று பொருள். இந்த எண் ஏன் வேண்டும்? சிலர் உட்கிளைகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். தாளில் அது போதும். கைபேசிச் செய்தியாக அனுப்பும்போது வரியின் முன்னுள்ள வெற்றிடங்கள் சில வேளைகளில் சுருங்கி மறைந்துவிடும்; எல்லா வரிகளும் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். வேறு சிலர் சாய்கோடுகளைத் தட்டி உண்மையாகவே ஒரு மரம் வரைந்து பார்ப்பார்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல. எழுதுபவர் திரையில் ஒழுங்காக நின்ற கோடுகள், படிப்பவர் திரையில் வேறு கிளையின் கீழ்ப் போய் நிற்கும். வரியெண்ணோ எங்கே போனாலும் வரியோடு கூடவே போகும். வெற்றிடம் அழிந்தாலும், வரிகள் இடம் மாறினாலும், 2.1 என்பது 2-இன் பிள்ளை என்பது அழியாது.

ஒரு சிறு எச்சரிக்கையையும் இங்கே சொல்லவேண்டும். கணினியின் விரிதாளில் மூன்றின் கீழ் ஐந்து என்பதை 3/5 என்று தட்டினால், கணினி அதனைத் தேதி என்று எண்ணி, மே மாதத்திலோ மார்ச்சு மாதத்திலோ ஒரு நாளாக மாற்றிவிடக் கூடும். அவ்விடங்களில் 0.6 என்று தசமத்தில் எழுதுவதே நன்று; மூன்றில் ஒன்று போல் தசமத்தில் முடிவுறாத பின்னங்களை மட்டும் "3-இல் 1" என்று சொல்லால் எழுதிவிடலாம்.

இனி மேற்கண்ட ஆறு வரிகளில் 1.2, 2.2 ஆகிய இரண்டையும் பாருங்கள். நல்ல கோன்களைப் பற்றி வினா ஒன்றும் கேட்கவில்லை. பின் எதற்காக அவ்வரிகள்? படத்தை எழுத்தில் அனுப்புவோர் பெரும்பாலும் இவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்; தேவையில்லை என்று எண்ணுகிறார்கள். ஆனால், மரம் சரியாக வந்து சேர்ந்ததா என்பதைப் படிப்பவர் சோதித்துப் பார்க்க உதவுபவை இந்தத் "தேவையற்ற" வரிகளே.

சோதனை மிக எளியது. ஒரே கவையிலிருந்து பிரியும் கிளைகளின் வாய்ப்புகளைக் கூட்டுங்கள். 0.6-உம் 0.4-உம் சேர்ந்து ஒன்று. 0.02-உம் 0.98-உம் சேர்ந்து ஒன்று. 0.05-உம் 0.95-உம் சேர்ந்து ஒன்று. ஒவ்வொரு கவையிலும் ஒன்று வந்தால், கிளைமேல் நிற்கும் எண்கள் அந்தக் கிளைக்கே உரிய நிபந்தனை வாய்ப்புகள். வேரிலிருந்து நுனிவரை அவற்றைப் பெருக்கிக்கொண்டே போகலாம்.

புத்தகம் மற்றொரு முறையில் எழுதியிருந்தால் என்ன ஆகும்? முதற்பொறியில் பழுது 0.02, முதற்பொறியில் நல்லது 0.58 என்று இருந்திருக்கும். கூட்டினால் ஒன்று வாராது, 0.60 வரும். அது தாய்க்கிளையின் எண்ணேயாகும். கவையின் கூட்டுத்தொகை தாய்க்கிளையின் எண்ணுக்குச் சமமானால், அங்கே நிற்பவை ஏற்கெனவே பெருக்கி முடித்த எண்கள் என்று அறியலாம். அவற்றை மீண்டும் பெருக்கலாகாது. கூட்டுத்தொகை ஒன்றுமாகாமல், தாய்க்கிளையின் எண்ணுமாகாமல் வேறாக வந்தால், எண்ணைப் படியெடுத்ததில் பிழை இருக்கின்றது. கணக்கைத் தொடங்காமல் திருப்பிக் கேட்கவேண்டும். முதலில் அனுப்பிய நான்கு எண்களோடு 0.98-உம் 0.95-உம் சேர்ந்து வந்திருந்தால் இராசபாளையத்துத் தோழி வழி தவறியிருக்கமாட்டாள்.

இதே சோதனை வேறொரு வகையிலும் உதவும். தாளில் மை படிந்தோ, படம் மங்கியோ ஓர் எண் படிக்க முடியாமல் இருக்கலாம். ஒரு கவையில் ஒரே ஒரு கிளையின் எண் மறைந்திருந்தால், மற்றவற்றை ஒன்றிலிருந்து கழித்து அதனை மீட்டுவிடலாம். ஒரே கவையில் இரண்டு எண்கள் மறைந்தால் மீட்க முடியாது. அவ்விடத்தில் ஊகித்து நிரப்பாமல், "படிக்க முடியவில்லை" என்று அந்த வரியிலேயே எழுதுவதுதான் நேர்மை.

நுனிகளையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். முதற்பொறியில் பழுது 0.6 × 0.02 = 0.012, நல்லது 0.588. இரண்டாம் பொறியில் பழுது 0.4 × 0.05 = 0.020, நல்லது 0.380. நான்கையும் கூட்டினால் சரியாக ஒன்று. ஆலையின் எந்தக் கோனும் இந்த நான்கு நுனிகளில் ஒன்றில் வந்தே தீரவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட நுனியில் வர இயலாது. அதனாலேயே பாதை நெடுகப் பெருக்குகின்றோம், வேண்டிய நுனிகளைக் கூட்டுகின்றோம்.

ஆனால் இந்தச் சோதனை எல்லாப் பிழைகளையும் பிடித்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. முதற்பொறியின் உட்கிளைகளையும் இரண்டாம் பொறியின் உட்கிளைகளையும் ஒருவர் இடம் மாற்றி எழுதிவிட்டார் என்று கொள்ளுங்கள். முதற்பொறிக்கு 0.05, 0.95, இரண்டாம் பொறிக்கு 0.02, 0.98. ஒவ்வொரு கவையும் ஒன்றுதான் ஆகின்றது. நுனிகளும் ஒன்றுதான் ஆகின்றன. ஆயினும் பழுதின் வாய்ப்பு 0.032-க்குப் பதில் 0.038 என்று வரும். கூட்டல் இதைக் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுக்கக் கூடியது சொல் ஒன்றே. "இரண்டாம் பொறி என்றால், பழுது" என்று வரி முழுவதையும் எழுதும்போது, எழுதுபவர் கண் மீண்டும் ஒருமுறை புத்தகத்தின் அந்தக் கோட்டிற்குப் போகின்றது. "பழுது" என்று மட்டும் எழுதினால் போவதில்லை.

இன்னோர் இடத்திலும் கூட்டல் நம்மைக் கைவிடும். ஒரு பெட்டியில் ஐந்து கோன்கள். அவற்றில் இரண்டு பழுது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை எடுக்கின்றோம். இரண்டுமே பழுதாக இருக்கும் வாய்ப்பு யாது? எடுத்த கோனைத் திரும்ப வைக்காவிட்டால், முதலில் 2/5; பழுது ஒன்று வெளியே போனபின் மிச்சம் நான்கில் ஒன்று, ஆகவே 1/4. பெருக்கினால் 1/10. திரும்ப வைத்துவிட்டு எடுத்தால் இரண்டு முறையும் 2/5. பெருக்கினால் 4/25, அதாவது 0.16. இரண்டு மரங்களிலும் கவைதோறும் ஒன்று வருகின்றது. இரண்டும் குறையற்ற மரங்களே. ஆனால் வேறு வேறு கணக்குகளின் மரங்கள். "பழுது 2/5, நல்லது 3/5, இரண்டாம் முறையும் எடுக்க" என்று சுருக்கி எழுதினால், படிப்பவர் மேலே உள்ள எண்களையே கீழேயும் போட்டுக்கொள்வார். ஆகையால் ஒவ்வொரு கவையையும் தனித்தனியே எழுதவேண்டும். மரத்தின் தலைப்பில், எடுத்ததைத் திரும்ப வைத்தார்களா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சொல்லவேண்டும்.

படமின்றி எழுத்தால் இவ்வளவையும் சொல்வது ஒரு குறைபாட்டுக்குச் செய்யும் சமாதானம் என்று சிலருக்குத் தோன்றலாம். நிகழ்தகவுக் கணக்கின் வரலாறு வேறு விதமாகச் சொல்கின்றது. 1654-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பாரிசு நகரிலிருந்த பாஸ்கலும், தெற்கே தூலூசு நகரத்தாரான ஃபெர்மாவும் ஒருவருக்கொருவர் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் ஆராய்ந்த கணக்குகளுள் ஒன்று இது. இருவர் ஆளுக்கு 32 பொற்காசுகள் வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வென்றவருக்கு 64 காசுகளும் உரியவை. முதலாமவர் இரண்டும் இரண்டாமவர் ஒன்றும் வென்றிருக்கும் நிலையில் ஆட்டம் நின்றுவிடுகின்றது. காசுகளை எப்படிப் பிரிப்பது?

பாஸ்கல் சொன்ன வழி இது. அடுத்த ஆட்டத்தை முதலாமவர் வென்றால் 64-உம் அவருடையவை. தோற்றால் இருவரும் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகிவிடுவார்கள், ஆளுக்கு 32. ஆக, வென்றாலும் தோற்றாலும் 32 காசு முதலாமவருக்கு உறுதி. மிச்சம் 32-க்கு இருவருக்கும் சம வாய்ப்பு. அதில் பாதி 16. மொத்தம் 48 முதலாமவருக்கு, 16 இரண்டாமவருக்கு. இதனை நம் முறையில் எழுதினால் இவ்வாறு வரும்.

```
1   அடுத்த ஆட்டம் முதலாமவருக்கு : 1/2  (64 காசு)
2   அடுத்த ஆட்டம் இரண்டாமவருக்கு : 1/2
2.1 சமமான பின், முதலாமவருக்கு : 1/2  (64 காசு)
2.2 சமமான பின், இரண்டாமவருக்கு : 1/2  (0 காசு)
```

முதலாமவர் வெல்லும் நுனிகள் இரண்டு. ஒன்றின் வாய்ப்பு 1/2. மற்றொன்றின் வாய்ப்பு 1/4. கூட்டினால் 3/4. 64-இல் முக்கால் 48. பாஸ்கல் சொன்ன அதே தொகை. இந்த மரத்தில் மற்றொன்றையும் காணலாம். முதற்கிளை உடனே முடிந்துவிடுகின்றது. இரண்டாவது மேலும் பிரிகின்றது. எல்லாக் கிளைகளும் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எந்தக் கிளை நுனியாக முடிகின்றது என்பதைச் சொல்லிவிட்டால் போதும். இங்கே காசுத்தொகை எழுதிய வரிகள் எல்லாம் நுனிகள். பாஸ்கலின் வாதம் கோட்டுப் படத்தை நம்பி நிற்கவில்லை. "வென்றால்", "தோற்றால்" என்னும் இரண்டு சொற்களே அதில் கிளைகளாக நின்றன.

எழுத்து மரத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு காசை மூன்று முறை சுண்டினால் நுனிகள் எட்டு, வரிகள் பதினான்கு. எழுதிவிடலாம். பத்து முறை சுண்டினால் நுனிகள் 1024. அத்தனையையும் எவரும் எழுதப்போவதில்லை, புத்தகமும் வரையப்போவதில்லை. அங்கே, "ஒவ்வொரு கவையிலும் தலை 1/2, பூ 1/2, பத்து முறை, முந்திய விளைவு பிந்தியதைப் பாதிக்காது" என்று விதியாக எழுதிவிட வேண்டும். கடைசித் தொடரை விட்டுவிட்டால், பெட்டிக் கோன் கணக்கில் கண்ட அதே ஐயம் மீண்டும் தலைதூக்கும்.

நேயர்களே, நம் திருவில்லிபுத்தூர் மாணவி இனி அனுப்பவேண்டிய செய்தி நான்கு எண்கள் அன்று, ஆறு வரிகள். தட்டச்சிட ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூடுதலாக ஆகும். அவ்வாறு வரிகளைப் பெற்ற தோழி, விடை காணப் புகுமுன் கவைதோறும் கூட்டிப் பார்ப்பாள். ஒன்று வருகின்றதா என்று காண்பாள். வரியில் "என்றால்" என்னும் சொல்லுக்கு முன் நிற்பது எந்தப் பொறி என்று படிப்பாள். அதன்பின் 0.012-உம் 0.020-உம் கூட்டி 0.032 என்று எழுதுவாள். படம் பின்னர் வந்து சேர்ந்தாலும் அவள் விடையில் மாற்றம் ஒன்றும் இராது.